தெரியாத இடத்தில் இடம் விடாதீர்கள்

போன மாதம் கூரியரில் ஒரு புத்தகம் வந்தது. எங்கள் குடும்ப வரலாறு. வழவழப்பான தாள், அட்டையில் தாத்தா படம், உள்ளே வம்ச வரைபடம், கடைசியில் "நம் முன்னோர் கடிதங்கள்" என்று ஒரு பகுதி. தொகுத்தவன் சின்னத் தாத்தாவின் பேரன், எனக்குத் தம்பி முறை. ஆறு மாதம் அலைந்து செய்திருக்கிறான். அந்த உழைப்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் 43-ஆம் பக்கத்தில் ஒரு வரியைப் படித்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

"ஒத்திக் கணக்கில் நான் நூறு கொடுத்தேன்."

எங்கள் தாத்தா 1953-இல் தம்பிக்கு எழுதிய கார்டில் இருக்கும் வரி என்று போட்டிருந்தது. அந்தக் கார்டை நான் பார்த்திருக்கிறேன். அதில் இப்படி ஒரு வரி இல்லை. எழுத்துகள் இருக்கின்றன. ஆனால் 'நான்' என்பதற்கும் 'நூறு' என்பதற்கும் நடுவில் இருக்கும் அந்த வெற்றிடம் இல்லை. அது தம்பி போட்டது. அந்த ஒரு வெற்றிடத்தின் விலை முந்நூறு ரூபாய். அதற்கு மேல், இரண்டு வீட்டுக்காரர்களின் எழுபது வருட மனக்கசப்பு.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஊரணிக்கரை நிலம் அறுநூறு ரூபாய்க்கு ஒத்தியில் இருந்தது. அதை மீட்டதில் பெரியவர் கொடுத்தது எவ்வளவு, சின்னவர் கொடுத்தது எவ்வளவு என்பதுதான் வழக்கு. பெரியவர் நானூறு கொடுத்தார், அதனால் நிலத்தில் பெரும் பங்கு அவருக்கு வந்தது என்பது எங்கள் வீட்டுக் கதை. நூறைக் கொடுத்துவிட்டு நிலத்தைச் சுருட்டிக்கொண்டார் என்பது அந்த வீட்டுக் கதை. ஒத்திச் சீட்டு எந்த வீட்டிலும் இல்லை. இருப்பது இந்தக் கார்டு மட்டும்தான்.

தம்பியிடம் கேட்டு மூலக் கார்டுகளை வாங்கி வந்தேன். மறுக்காமல் கொடுத்தான், அந்தப் பெருந்தன்மையைச் சொல்ல வேண்டும். மொத்தம் பதினொரு கார்டுகள், எல்லாம் தாத்தாவின் கையெழுத்து. தகராறுக்குரிய கார்டின் தலையில் பிள்ளையார் சுழி, அதன் கீழே 'விசய௵ ஐபபசி௴ ௧௨௳' என்று தேதி. விசய வருடம் என்றால் 1953 சித்திரையில் பிறந்த ஆண்டு. ஐப்பசி 12 என்றால் அக்டோபர் கடைசி. தபால் முத்திரையிலும் அக்டோபர் 53 என்பது மங்கலாகத் தெரிகிறது. ஆக, காலம் பற்றிச் சந்தேகமில்லை. இனி உடல் பகுதி. கார்டில் உள்ளது உள்ளபடி, வரிக்கு வரி தருகிறேன். எண்கள் மட்டும் நான் போட்டவை.

1 தமபிககுஆசீரவாதமஇஙகுயாவருமசுக
2 மஉனகடிதமவநதுவிவரமதெரிநதெனஒத
3 திககணககிலநானநூறுகொடுததெனமீதி
4 ககுஅறுபபுமுடிநதுவருகிறெனதையிலபெ
5 சிககொளளலாமமுததுகருபபனசெலலையா
6 வநதுபொனாரகளபிளளைகளைகெடடதா
7 கசசொலலவுமஇபபடிககுஅணணன

நம் வயதுக்காரர்களுக்கு இந்த எழுத்து புதிதல்ல. தாத்தா திண்ணைப் பள்ளியில் ஓலையில் எழுத்தாணியால் எழுதப் பழகியவர். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பார்கள், அதனால் புள்ளி கிடையாது. குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே ஒற்றைக் கொம்புதான். 'தெரிநதென' என்பது 'தெரிந்தேன்'. சொல்லுக்குச் சொல் இடம் விடுவதும் கிடையாது. வரி முடிந்தால் சொல்லின் வயிற்றில் வெட்டி அடுத்த வரிக்குப் போய்விடுவார். 'சுகம்' என்ற சொல்லின் ம் இரண்டாம் வரியில் தனியாக நிற்பதைப் பாருங்கள்.

இதைப் படிக்க முடியாதா? தாராளமாக முடியும். தமிழில் வினைமுற்று வந்துவிட்டால் பெரும்பாலும் வாக்கியம் முடிந்துவிடும். 'தெரிந்தேன்', 'கொடுத்தேன்', 'சொல்லவும்' என்று வரும் இடங்களில் காது தானாக நிற்கும். முற்றுப்புள்ளி இல்லாமலே அவர்கள் காலம் தள்ளியதற்கு அதுதான் காரணம். நூற்றுக்குத் தொண்ணூறு இடங்களில் சிக்கலே இல்லை. என் சண்டை அந்தத் தொண்ணூறைப் பற்றியதல்ல, மிச்சத்தைப் பற்றியது.

மூன்றாவது வரியைப் பாருங்கள். 'நானநூறு'. புள்ளி வைத்தால் 'நான்நூறு'. இந்தப் புள்ளியில் எனக்குச் சந்தேகமில்லை, எப்படிப் படித்தாலும் அது ன் தான். ஆனால் இடம்?

தம்பி போனில் சொன்ன வாதம் இது. "அண்ணே, நானூறு என்றால் நானூறு என்றுதானே எழுதியிருப்பார்? நூறு என்று தனியாக ந போட்டிருக்கிறாரே. அப்படியென்றால் நான் நூறு என்றுதானே அர்த்தம்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இலக்கணப்படி 400 என்பது 'நானூறு', அங்கே ந-வுக்கு இடமில்லை. ஆனால் கார்டு எழுதியவர் இலக்கணப் புத்தகமல்ல, எங்கள் தாத்தா. அவர் எப்படி எழுதுவார் என்பதை அவருடைய மற்றக் கார்டுகளில்தான் தேட வேண்டும். தேடினேன். செங்கல் வாங்கியது பற்றிய வேறொரு கார்டில் 'முனநூறுசெஙகல' என்று இருக்கிறது. முந்நூறு செங்கல். அங்கே 'முன் நூறு செங்கல்' என்று பிரிக்க எந்த வழியும் இல்லை. ஆக, நூறு சேர்ந்த எண்களை எழுதும்போது அவர் 'நூறு' என்பதை முழுசாக வைத்து எழுதும் வழக்கம் உள்ளவர். முந்நூறை 'முன்நூறு' என்று எழுதியவர் நானூறை 'நான்நூறு' என்று எழுதியிருக்கலாம். தம்பியின் வாதம் விழுந்தது.

உடனே என் அக்கா துள்ளிக் குதித்தாள். "பார்த்தியா, நானூறுதான்! நீ பதிவு ஆபீஸிலே இருந்தவன், எழுதி எல்லாருக்கும் அனுப்பு." அதுவும் நடக்காது. ஏனென்றால் தாத்தா 'நான்' என்ற சொல்லையும் எழுதக்கூடியவர்தான். 'கொடுத்தேன்', 'வந்தேன்' என்று இருக்கும்போது 'நான்' தேவையில்லை, பெரும்பாலும் விட்டுவிடுகிறார். ஆனால் பதினொரு கார்டுகளில் ஆறு இடங்களில் எழுதியிருக்கிறார். ஏழாவது இடம் இதுவாக ஏன் இருக்கக்கூடாது? அடுத்து வரும் 'மீதிக்கு' என்பதும் உதவவில்லை. அறுநூறில் நூறு போனால் ஐந்நூறு மீதி, நானூறு போனால் இருநூறு மீதி. இரண்டும் மீதிதான். அக்காவின் வாதமும் விழுந்தது.

தம்பி விடவில்லை. "கார்டை உற்றுப் பாருங்கண்ணே, நான-வுக்கும் நூறு-க்கும் நடுவே நூலிழை இடைவெளி தெரியும்" என்றான். ஜன்னல் ஓரம் சாய்ந்த வெயிலில் வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்தேன். இடைவெளி இருக்கிறது, உண்மை. ஆனால் அந்த நூ மற்ற எழுத்துகளைவிடக் கறுப்பாக இருக்கிறது. தாத்தா எழுதியது தொட்டு எழுதும் பேனா. மை தீரத் தீர எழுத்து வெளிறும், மறுபடி புட்டியில் தோய்த்து எழுதும் முதல் எழுத்து கறுப்பாக விழும், கை தூக்கி வைத்ததால் ஒரு சிறு இடைவெளியும் விழும். சோதிக்க ஒரே வழி, கார்டில் எங்கெங்கே எழுத்து திடீரென்று கறுக்கிறது என்று பார்ப்பது. ஐந்து இடங்கள் கிடைத்தன. ஐந்திலும் இடைவெளி இருக்கிறது. அதில் ஒன்று 'விவரம்' என்ற சொல்லின் நடுவில், 'விவ' என்பதற்கும் 'ரம' என்பதற்கும் இடையில். அங்கே யாராவது சொல் பிரிப்பார்களா? அது சொல் இடைவெளி அல்ல, மைப் புட்டியின் இடைவெளி.

ஆக, எழுத்தும் தீர்ப்புச் சொல்லவில்லை, பொருளும் சொல்லவில்லை, மையும் சொல்லவில்லை. அப்படியென்றால் அந்த இடத்தில் எவனுக்கும் இடம் விட உரிமையில்லை, எனக்கும்தான். பெரியவரின் பேரன் நான். நானூறு என்று படித்தால் என் தாத்தாவின் பெயர் காப்பாற்றப்படும். அந்த ஆசை எனக்கு இருக்கிறது. ஆசை இருப்பதனால்தான் என் கையை நானே கட்டிக்கொள்கிறேன்.

சேர்ந்து நிற்பது எழுத்து மட்டுமல்ல, ஆட்களும்தான். ஐந்தாம் வரியில் 'முத்துகருப்பன்செல்லையா' வந்துபோனார்கள். வந்தது எத்தனை பேர்? முத்துகருப்பன், செல்லையா என்று இரண்டு பேரா? முத்து, கருப்பன், செல்லையா என்று மூன்று பேரா? முத்துவும், கருப்பன் மகன் செல்லையாவுமா? ஒரே பெயர் என்றால் நடுவே க் போட்டு 'முத்துக்கருப்பன்' என்று எழுதியிருப்பார் என்பீர்கள். 'ஒத்திக்கணக்கு' என்று க் போட்டவர்தான் ஆறாம் வரியில் 'பிள்ளைகளைகேட்டதாக' என்று க் விட்டிருக்கிறார். அவர் க்-ஐ நம்பி ஆள் எண்ண முடியாது. எங்கள் புத்தகத்திலோ முத்துகருப்பன் என்ற ஒருவர் உருவாகி, "நெருங்கிய உறவினர்" என்ற அடிக்குறிப்போடு வம்ச வரைபடத்திலும் ஏறிவிட்டார்! அவர் பிறந்தாரா என்றே தெரியாது. எங்கள் பெரிய அத்தையைக் கேட்டால், முத்து என்று ஒருவர் எங்கள் வீட்டில் ஏர் பிடித்தார் என்கிறார். அந்த முத்து இந்த முத்துதானா என்பதற்கு அத்தையிடமும் சாட்சியில்லை.

நிறுத்தக்குறியும் இதே கதைதான். நாலாம் வரியில் 'வருகிறேன் தையில் பேசிக்கொள்ளலாம்'. இங்கே சொற்கள் நிச்சயம், இடம் விடலாம். ஆனால் முற்றுப்புள்ளி எங்கே? 'வருகிறேன்' என்பதற்குப் பின்னா, 'தையில்' என்பதற்குப் பின்னா? 'வருகிறேன் தையில்' என்று பேசுவதுபோலவே எழுதுகிற மனிதர் அவர். இதில் யாருக்கும் நஷ்டமில்லைதான். ஆனாலும் புள்ளி வைக்க மாட்டேன். நஷ்டம் வரும் இடத்தில் மட்டும் நேர்மை என்றால் அது நேர்மையல்ல.

நிச்சயம் என்றால் என்ன என்று கேட்பீர்கள். எனக்கு ஒரே அளவுகோல்தான். வேறு விதமாகப் பிரித்துப் பார். அப்போதும் பொருள் வந்தால் நிச்சயமில்லை. ஆறாம் வரியில் ஒற்றைக் கொம்போடு 'கெடடதாக' என்று இருக்கிறது. 'கேட்டதாக'வா, 'கெட்டதாக'வா? பிள்ளைகள் கெட்டதாகச் சொல்லச் சொல்கிறாரோ என்று ஒரு கணம் திக்கென்றது. ஆனால் முன்னால் இருப்பது 'பிள்ளைகள்' அல்ல, 'பிள்ளைகளை'. அந்த ஐ உருபு கேட்டதற்குத்தான் பொருந்தும், கெட்டதற்குப் பொருந்தாது. வேறு வழியில்லை, நிச்சயம். தயங்காமல் நெடில் போட்டேன். பிறகு, ஒன்றும் சொல்லாமல் மூலத்தின் நகலைப் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தமிழாசிரியரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். கதை தெரியாதவர் அவர். மூன்றாம் வரியில் 'நானூறு' என்று படித்தார். "நான் நூறு என்று வராதா, ஐயா?" என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வருமே" என்றார். போதும்.

இது ஒன்றும் நான் கண்டுபிடித்த சிக்கலல்ல. தனியாகவும் பிரிந்தும் பொருள் தரும் சொல்லைப் பொதுமொழி என்று நன்னூல் வகுத்திருக்கிறது. 'எட்டு' என்றால் எண், 'எள் + து' என்று பிரித்தால் எள்ளைத் தின்னு. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பாட பேதங்களைக் காட்டியே பதிப்பித்தார். அவருக்குத் தெரியாத தமிழா நமக்குத் தெரிந்துவிட்டது?

என்னோடு வாதாடியவர்கள் மூன்று வகை. முதல் வகை, "படிக்கிறவர்களுக்குச் சிரமம்" என்றார்கள். ஒரு கார்டில் மூன்று முடிச்சுகள். அந்த மூன்றில் ஒரு நிமிடம் நின்று யோசிப்பது சிரமமென்றால், தாத்தாவின் கடிதத்தை எதற்கு அச்சடிக்கிறீர்கள்?

இரண்டாம் வகை, "தாத்தாவின் தப்பைத் திருத்துவதுதான் மரியாதை" என்றார்கள். அவர் தப்பே செய்யவில்லை. கார்டை வாங்கிய தம்பிக்கு நூறா நானூறா என்று தெரியும். அவருக்கு எழுதிய கார்டு அது. நமக்குத் தெரியவில்லை என்றால் அது நம் குறை. நம் குறையை அவர் வாயில் வைத்துப் பேசுவது மரியாதையா?

மூன்றாம் வகைதான் கெட்டிக்காரர்கள். "அப்படியானால் ஒன்றையுமே பிரிக்காதே, முழுசாகச் சேர்த்தே போட்டுவிடு, யாருக்கும் வம்பில்லை" என்றார்கள். இதுவும் தப்பு. எல்லாம் ஒட்டிக் கிடந்தால், சந்தேகத்தால் ஒட்டிக் கிடக்கும் இடம் எது என்று எப்படித் தெரியும்? நிச்சயமான இடத்திலெல்லாம் பிரித்தால்தான், பிரிக்காத இடம் "இங்கே எனக்குத் தெரியவில்லை" என்று வாய் திறந்து சொல்லும். பிரிக்கத் தெரிந்த இடத்தில் பிரிக்காதவன் சோம்பேறி. பிரிக்கத் தெரியாத இடத்தில் பிரிப்பவன் பொய்யன்.

பதிவு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் பத்திரங்களுக்கு நகல் எழுதியவன் நான். அடித்தல், திருத்தல், இடைச்செருகல் எதுவானாலும் மூலத்தில் இருப்பதுபோலவே காட்ட வேண்டும். ஒருவர் மூலத்தைப் படிக்க, ஒருவர் நகலைப் பார்க்க, ஒப்பிட்ட பிறகே கையெழுத்து. மூலத்தில் பிழை இருந்தால் பிழையோடு நகல். நான் ஒரு காற்புள்ளி சேர்த்தால் யாருடைய வரப்போ நகரும் என்பது முதல் வாரமே தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம். அந்தப் பழக்கத்தில்தான் இந்தக் கார்டுக்கும் நகல் எடுத்தேன். முதல் நகல் மேலே கொடுத்தது, எழுத்துக்கு எழுத்து. இரண்டாவது நகல் இது:

1 தம்பிக்கு ஆசீர்வாதம் இங்கு யாவரும் சுக
2 ம் உன் கடிதம் வந்து விவரம் தெரிந்தேன் ஒத்
3 திக்கணக்கில் நான்நூறு கொடுத்தேன் மீதி
4 க்கு அறுப்பு முடிந்து வருகிறேன் தையில் பே
5 சிக்கொள்ளலாம் முத்துகருப்பன்செல்லையா
6 வந்துபோனார்கள் பிள்ளைகளை கேட்டதா
7 கச் சொல்லவும் இப்படிக்கு அண்ணன்

புள்ளியும் நெடிலும் நான் போட்டவை. நிறுத்தக்குறி ஒன்றுகூடப் போடவில்லை. விட்டுப்போன க்-ஐச் சேர்க்கவில்லை. 'ஒத்திக்கணக்கில்', 'பேசிக்கொள்ளலாம்', 'வந்துபோனார்கள்' மூன்றும் நாம் இன்றைக்கும் சேர்த்தே எழுதுபவை, அவற்றில் சந்தேகமில்லை. இதைச் சொல்லாவிட்டால் அவையும் முடிச்சுகள் என்று நினைத்துவிடுவீர்கள். உண்மையான முடிச்சுகள் 3-ஆம் வரியில் எண், 5-ஆம் வரியில் பெயர், 4-ஆம் வரியில் வாக்கியம் முடியும் இடம். எந்தெந்த விதமாகப் படிக்கலாம் என்பதை நகலின் அடியில் தனியாக எழுதியிருக்கிறேன். உள்ளே ஒன்றும் நுழைக்கவில்லை.

இதில் அவசரம் ஏன் என்றால், கார்டின் மூலைகள் உதிர ஆரம்பித்துவிட்டன. புத்தகமோ இருநூறு பிரதி. கார்டு போன பிறகு என் பேத்தி கையில் இருக்கப்போவது 43-ஆம் பக்கம்தான். அவள் அதைத் தாத்தாவின் வாக்குமூலம் என்றுதான் நினைப்பாள்.

தம்பியிடம் இதையெல்லாம் நேரில் போய்ச் சொன்னேன். இரண்டு நகலையும் மேஜையில் வைத்தேன். வெகுநேரம் மூன்றாம் வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்க ஐயா சாகிறவரைக்கும் நூறு நூறுன்னுதானேண்ணே சொல்லிக்கிட்டிருந்தாரு" என்றான். "எங்க அப்பா நானூறு நானூறுன்னு சொல்லிட்டுப் போனாரு" என்றேன். இருவரும் பேசாமல் காபி குடித்தோம். மீதமிருக்கும் பிரதிகளில் ஒட்ட ஒரு திருத்தச் சீட்டு அடிப்பதாகச் சொல்லியிருக்கிறான். அதில் என்ன போட வேண்டும் என்று கேட்டான்.

'நான்நூறு' என்று சேர்த்துப் போடச் சொன்னேன்.